புதிய பள்ளிக் கட்டடத் திறப்பு விழா: தலைமையாசிரியரின் நன்றியுரை

பெரியவர்களே, பெற்றோர்களே, நன்கொடையாளர்களே, முன்னாள் மாணவர்களே, என் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று கட்டடக் குழுவில் இரண்டு கூட்டம் பேசினோம். கடைசியில் அகர வரிசைதான் என்று முடிவாயிற்று. தொகை எதுவும் பொறிக்கவில்லை. நன்கொடையாளர் பெயர்களுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நம் 308 பிள்ளைகளின் பெயர்களும் இருக்கின்றன. ஏன் அப்படி என்று சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இந்த நிலத்தைக் கொடுத்த குடும்பத்தார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். விற்க வந்த வாய்ப்பை விட்டுவிட்டு, பத்திரத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தவர்கள். ஐயா, அம்மா, உங்களுக்கு எங்கள் நன்றி. மகனை இழந்த ஒரு தாய் நூலக அறையைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். மகன் பெயரை வாசலில் வைக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம், அவன் படித்த புத்தகங்களை மட்டும் ஓர் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். வைத்திருக்கிறோம், அம்மா. முதல் அலமாரி அதுதான்.

முன்னாள் மாணவர்கள் மாதாமாதம் அனுப்பிய பணத்தில்தான் கூரை எழும்பியது. கொத்தனார் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் கூலி வாங்க மறுத்தார். தளம் போட்ட பிறகு, கான்கிரீட் காய்ந்து வெடிக்காமல் இறுகட்டும் என்று விடுமுறை நாளிலும் வந்து தண்ணீர் ஊற்றியவர் அவர். தளத்தின் உறுதியில் பாதி அந்தத் தண்ணீர்தான் என்பது கட்டட வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெயர் சொல்லாமல் உறையை மேசையில் வைத்துப் போனவர்களும் உண்டு. அவர்களுக்காகக் கல்வெட்டில் ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறோம்.

இனி பிள்ளைகளைப் பற்றி.

மூன்று ஆண்டுகள் இரண்டு நேர முறையில் படித்தார்கள். சிறியவர்கள் காலையில், பெரியவர்கள் பிற்பகலில். ஓர் அறைக்குள் தட்டி வைத்து இரண்டு வகுப்பு நடந்தது. ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் செய்யுள். பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவாகக் கூடாது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே முணுமுணுத்து வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். அப்படி வாசிக்கச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை. மழைக்கு ஒழுகிய மூலையை விட்டு நெருக்கி உட்கார்ந்தபோதும் பள்ளிக்கு வருவதை அவர்கள் நிறுத்தவில்லை. அவர்கள் வராமல் போயிருந்தால் நன்கொடை கேட்டு உங்கள் வீட்டுப் படியேற எனக்கு எந்த நியாயமும் இருந்திருக்காது.

தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 12ஆம் பிரிவில் சொல்கிறது. அதை நம்பி, வரைபடத்தைப் பிள்ளைகள் முன் விரித்து வைத்தோம். கரும்பலகையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்றான் ஒருவன். ஜன்னல்கள் இடப்பக்கம் மாறின. வலக்கையால் எழுதுகிறவர்களின் நோட்டில் கை நிழலும் இப்போது விழாது.

சக்கர நாற்காலியில் வரும் நம் மாணவி கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "சாய்தளம் ஏன் டீச்சர் பின்பக்கம் இருக்கு? நான் எல்லாரோடயும் முன்னாடி வரக்கூடாதா?" பொறியாளர் அன்றே வரைபடத்தைத் திருத்தினார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் அந்தச் சாய்தளம் இன்று முன்வாசலில் இருக்கிறது. அதற்கான செலவு எங்கள் கணக்கில் இல்லை. கேள்விப்பட்ட மறுவாரமே பெற்றோர் சங்கம் திரட்டிக் கொடுத்தது.

கேட்டது ஒரு பிள்ளை, கொடுத்தது பெரியவர்கள். இதில் யாருடைய பங்கு பெரிது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இரண்டு பெயர்களும் ஒரே கல்லில் இருக்கின்றன.

பொறியாளருக்கும், தொழிலாளர்களுக்கும், தூசியிலும் சத்தத்திலும் பாடம் நடத்திய என் சக ஆசிரியர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

சாவி நம் முதலாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடமும், நிலம் கொடுத்த ஐயாவிடமும் இருக்கிறது. இருவரும் சேர்ந்து கதவைத் திறப்பார்கள். நன்கொடையாளர்கள் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வகுப்பை அவர்களே உங்களுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். எல்லோரும் சாய்தளம் வழியாகவே போவோம். வாருங்கள்.