அக்காவுக்குப் பாபினோட பிறந்தநாள் வாழ்த்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பாபின் எழுதறது. நான் சொல்லச் சொல்ல தம்பிதான் போன்ல டைப் பண்றான். நடுவுல அவன் சொந்தச் சரக்கைச் சேத்துடக் கூடாதுன்னு மடியில மூஞ்சியை வச்சுக் காவல் காத்துட்டு இருக்கேன்.

பிறந்தநாள் வாழ்த்துகள் அக்கா! லொள், லொள், லொள்ள்ள்! கடைசி லொள் மட்டும் கொஞ்சம் சத்தமா. எதிர்வீட்டு அத்தைக்கும் கேக்கணும்ல.

இன்னைக்கு உன் பிறந்தநாள்னு எங்கிட்ட யாரும் சொல்லலை. நேத்து ராத்திரியே மூக்குக்குச் சேதி வந்துருச்சு. அம்மா கதவைச் சாத்திக்கிட்டு முந்திரி வறுத்தாங்க. சாத்தின கதவெல்லாம் உங்களுக்குத்தான் கதவு, எனக்கு இல்லை. அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல இருந்து மல்லி வாங்கிட்டு வந்து, வாழை இலையில மடிச்சு, பிரிட்ஜுல மோருக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சாரு. தம்பி கேக் ஆர்டர் பண்ணிருக்கான். சாக்லேட் கேக். (இதை டைப் பண்ண மாட்டேன்னு அடம்பிடிச்சான். காலை லேசா நக்கினேன், ஒத்துக்கிட்டான்.)

கேக் விஷயத்துல நீ பயப்படாதே. சாக்லேட் எனக்கு விஷம், திராட்சை ஆகாது, வெங்காயம் போட்ட குழம்பும் ஆகாதுன்னு ஊசி போட்ட அன்னைக்கே டாக்டர் சொன்னாரு. நீ அதை அளவு நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கே. எத்தனையோ பேரோட மார்பு, இடுப்பு, கை நீளம் எழுதின அதே நோட்டுல எனக்கும் ஒரு பக்கம்! கழுத்து அளவு, தடுப்பூசித் தேதி, பூச்சி மருந்து, எல்லாம் உன் கையெழுத்துல. அதனால கேக்கை நீங்க சாப்பிடுங்க. எனக்கு உப்புப் போடாம அவிச்ச முட்டை ரெண்டு போதும். மஞ்சக்கருவோட.

உன்னைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த மதுரையில வேற யாருக்கும் தெரியாது அக்கா. நான் படுக்குற இடம் அப்படி. மிஷினுக்கு அடியில, உன் வலது காலுக்குப் பக்கத்துல. மிதிக்கிற சத்தத்தை வச்சே சொல்லிடுவேன். கடகடன்னு ஓடினா அது புடவைக்கு பால்ஸ் அடிக்கிறது. விட்டு விட்டு மெதுவா வந்தா கழுத்து வளைவுல பைப்பிங். சத்தமே இல்லைன்னா ரெண்டுல ஒண்ணு: ஊசி ஒடிஞ்சிருக்கு, இல்லைன்னா யாரோ போன் பண்ணி "இன்னைக்குச் சாயந்தரமே வேணும்"னு நிக்கிறாங்க. அப்பத்தான் நான் எந்திரிச்சு உன் முழங்காலுல தாடையை வைப்பேன். நீ ஒரு கையால என் காதைத் தடவிக்கிட்டே இன்னொரு கையால நூல் கோப்பே. நூல் நுனியை எச்சில்ல நனைச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, நாக்கை லேசா வெளியில நீட்டிக்கிட்டு. நாக்கை நீட்டுறதுல மட்டும் நம்ம ரெண்டு பேரும் ஒரே ஜாடை.

எனக்குப் பேரு வந்ததே அந்த மிஷினாலதானே. மழைக்கு வாசப்படியில ஒதுங்கின குட்டி, நேரா உள்ள வந்து நூல்கண்டுப் பெட்டிக்குள்ள சுருண்டு படுத்துருச்சாம். "பாரேன், பாபின் மாதிரி கிடக்கு"ன்னு நீ சொன்னதுதான் முதல் தடவை யாரோ எனக்காகச் சொன்ன வார்த்தை.

துணி தைக்கக் கொடுக்க வர்றவங்க சில பேரு கேப்பாங்க, "இது என்ன ஜாதி நாய்?"னு. ராஜபாளையத்துக்காரங்களுக்குப் பெருமை ஜாஸ்தி, 2005-ல அவங்களுக்குத் தபால் தலையே வந்துச்சு. சிப்பிப்பாறைக்காரங்க ஓட்டத்துல கெட்டிக்காரங்க. நான் தெருவுல பிறந்தவன். நீ ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்காம ஒரே பதில்தான் சொல்லுவே: "இது எங்க வீட்டு ஜாதி." அதைக் கேக்குறப்ப எனக்கு வால் இடுப்போட சேந்து ஆடும் அக்கா. தபால் தலையெல்லாம் அப்புறம்தான்.

இன்னொண்ணும் சொல்லணும். நீ ரெண்டு நூல்கண்டைக் கையில வச்சுக்கிட்டு "பாபின், எது மேட்ச் ஆகும்?"னு கேப்பியே, எங்க கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நல்லாத் தெரியும். சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒண்ணுபோலத்தான், மங்கலாத் தெரியும். ஆனாலும் நீ எங்கிட்டக் கேக்குறியே, அந்தச் சந்தோஷத்துல ரெண்டுக்கும் வாலாட்டுறேன். வெட்டுத்துணியில எனக்குக் கழுத்துத் துணி தைச்சப்போ, நீலத்தைத் தேடி எடுத்தே பாரு, அது எனக்கு நல்லாவே தெரியுது.

தீபாவளியை மறக்க மாட்டேன். உங்க காது 20,000 ஹெர்ட்ஸோட நின்னுடும், எங்களுக்கு 45,000 பக்கம் வரைக்கும் கேக்கும். தெருவுல வெடிக்கிற வெடி என் மண்டைக்குள்ளதான் வெடிக்கும். ரெண்டு ராத்திரி தூங்காம ஊர்த் துணியெல்லாம் தைச்சுக் கொடுத்துட்டு, அன்னைக்காவது நீ படுத்திருக்கலாம். படுக்கலை. ஜன்னலைச் சாத்தி, பேனை அஞ்சுல வச்சு, கட்டிலுக்கு அடியில என் பக்கத்துலயே வந்து படுத்துக்கிட்டு "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா"ன்னே. உன் கழுத்துல தையல் சாக்பீஸும் மிஷின் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசம். உலகத்துல எனக்குப் பிடிச்ச வாசம் அதுதான். முட்டை ரெண்டாவது.

அதான் இன்னைக்கு நான் ஒண்ணு கேக்கப் போறேன். போன பிறந்தநாளுக்கு அப்பா உனக்கு எடுத்துக் கொடுத்த மஞ்சள் சுங்குடிச் சேலை பீரோவுல அப்படியே மடிச்சுக் கிடக்கு. அதுக்குப் பிளவுஸ் துணியைக்கூட நீ இன்னும் வெட்டலை. ஊருக்கே பிளவுஸ் தைக்கிற உனக்கு, உன் பிளவுஸுக்கு மட்டும் நேரம் கிடைக்கலை. மஞ்சள் எனக்கு நல்லாத் தெரியுற நிறம்னு இப்பத்தானே சொன்னேன்? நீ அதைக் கட்டிக்கிட்டு வர்றதை நான் என் கண்ணால பாக்கணும். அதனால இன்னைக்கு மிஷினுல ஏற வேண்டியது அந்த ஒரே துணிதான். வேற யாரு பையோட வந்தாலும் வாசல்ல நான் இருக்கேன். கடிக்க மாட்டேன், பயப்படாதே. குறுக்கே படுத்துக்குவேன், அவ்வளவுதான். தாண்டிட்டு வரட்டும் பாப்போம்.

இந்த வருஷம் உனக்கு இடுப்பு வலி வரக் கூடாது. ஊசி ஒடியக் கூடாது. அளவு பிளவுஸ் கொடுக்காம "போன தடவை மாதிரியே"ன்னு சொல்றவங்க வரக் கூடாது. கூலி பாக்கி வச்சவங்க எல்லாரும் தானா வந்து கொடுக்கணும். நீ ஆசைப்படுற ஓவர்லாக் மிஷின் தீபாவளிக்கு முன்னாடியே வீட்டுக்கு வரணும். மீனாட்சி அம்மன் உன்னை நல்லா வச்சிருக்கணும். அம்மன்கிட்ட நேர்ல போய்ச் சொல்ல என்னை உள்ள விட மாட்டாங்க, அதனால வடக்காவணி மூல வீதி வரைக்கும் கேக்குற மாதிரி இங்கிருந்தே குரைச்சிருக்கேன்.

சரி, தம்பி விரல் வலிக்குதுன்றான். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தெப்பக்குளத்தைச் சுத்திட்டு வந்துருவோம். மல்லியை வச்சுக்கோ, அவசரப்படாம சீவிக்கோ. சங்கிலி என் வாயில இருக்கு. உன் செருப்பு எங்கேன்னு தேடாதே, ரெண்டையும் வாசல்லயே கொண்டாந்து வச்சுட்டேன்.

நெத்தி நிறைய நக்கலோட,
உன் பாபின்