2024–25 சுய மதிப்பீடு: குடோன் சூப்பர்வைசர், கலாசிபாளையம் கிளை, பெங்களூரு

பெறுநர்: கிளை மேலாளர்
நகல்: தலைமை அலுவலகம், சேலம்

வணக்கம் சார்,

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை குடோனில் நடந்த வேலையை இதில் எழுதியிருக்கிறேன். எண்கள் எல்லாம் கிளெய்ம் ரிஜிஸ்டரிலிருந்தும் இ-வே பில் போர்ட்டலிலிருந்தும் எடுத்தவை. நகல்களை இணைத்திருக்கிறேன்.

முதலில் சேதம். போன ஆண்டு 41,000 பார்சலுக்கு 64 கிளெய்ம் வந்து ₹2,18,000 கொடுத்தோம். இந்த ஆண்டு 43,500 பார்சல் போயும் 23 கிளெய்ம்தான், ₹71,000. சரக்கு கூடியும் சேதம் குறைந்திருப்பதை அருள்கூர்ந்து கவனிக்க வேண்டும். பழைய ரிஜிஸ்டரைப் பிரித்துப் பார்த்ததில், 64ல் 38 கிளெய்ம் மதுரை லோடில் அடியில் மாட்டிய கண்ணாடி, டைல்ஸ் பெட்டிகளுக்கானவை. அதனால் மே மாதத்திலிருந்து உடையும் சரக்கைத் தனியாக ஒதுக்கி, கடைசியில் மேலே ஏற்றுகிறோம். ஏற்றும் முன் எல்.ஆர். எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அக்டோபரில் ஒரு பார்ட்டி ₹18,000 கேட்டார். புக்கிங்கின்போதே பெட்டியின் மூலை நசுங்கியிருந்ததைப் போட்டோவில் காட்டியதும் கிளெய்மைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ராத்திரி லோடிலும் இந்த முறையை விடாமல் செய்தவர்கள் லோடுமேன்கள். இதில் பாதிப் பெயர் அவர்களுக்குச் சேர வேண்டும்.

அடுத்து இ-வே பில். பீன்யாவில் பிக்கப் எடுத்த உடனே பார்ட் பி போட்டுவிடுவது இங்கே பழக்கம். அந்த நிமிடமே செல்லுபடிக் காலம் ஓட ஆரம்பித்துவிடும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பதால் மதுரைக்கு மூன்று நாள்தான். லோடு சேரக் காத்திருந்தாலே ஒரு நாள் போய்விடும். மாநிலத்துக்குள் 50 கிலோமீட்டருக்கு உட்பட்டு அனுப்புநர் இடத்திலிருந்து நம் குடோனுக்கு வரும் சரக்குக்குப் பார்ட் பி கட்டாயமில்லை. ஆகஸ்டிலிருந்து லைன் லாரி கிளம்பும்போதுதான் போடுகிறோம். ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 11 முறை கால நீட்டிப்பு கேட்டோம். ஜனவரி–மார்ச்சில் 2 முறை. வழியில் வண்டி பிடிபட்டால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் என்பதால், இந்த வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

டெலிவரி எடுக்காமல் குடோனில் தங்கும் பார்சலை மாதம் 30க்குள் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. 52லிருந்து 41க்குத்தான் வந்திருக்கிறது. பெரும்பாலும் பெறுநரின் போன் எண் தவறாக இருக்கிறது. வரும் ஏப்ரலிலிருந்து புக்கிங் கவுன்டரிலேயே அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்துவிட்டு எல்.ஆர். போடலாம் என்பது என் யோசனை. அதற்கு உங்கள் உத்தரவு வேண்டும்.

சேதத்தில் மட்டும் ₹1,47,000 மிச்சமாகியிருப்பதை வைத்து என் சம்பள உயர்வைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், இதே லோடிங் முறையை ஓசூர் கிளையில் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் அனுப்பினால் போய் வரத் தயார்.

இப்படிக்கு,
குடோன் சூப்பர்வைசர்