புள்ளியியல் அறிமுகப் பாடம்: பாதிப் பருவத்தில் உங்கள் முன் வைக்கும் வினாக்கள்

மாணவர்களுக்கு,

14 வாரங்கள் கொண்ட இந்தப் பாடத்தில் 7 வாரங்கள் நிறைவடைந்துவிட்டன. இதுவரை வகுப்பில் நடத்திய கலந்துரையாடல்களில் எவை உங்கள் சிந்தனைக்குத் துணையாக இருந்தன, எவை உங்களைக் குழப்பத்திலேயே விட்டுச் சென்றன என்பதை அறிந்துகொள்ள விரும்பி இந்த வினாக்களைத் தயாரித்திருக்கிறேன். பருவத்தின் இறுதியில் நீங்கள் எழுதும் மதிப்பீடு அடுத்த ஆண்டு வருபவர்களுக்கே உதவும். இப்போது நீங்கள் எழுதுவது உங்களுக்கே பயன்படும். மீதமுள்ள 7 வாரங்களை எப்படி நடத்துவது என்பதை இந்த விடைகளைப் படித்த பின்பே முடிவு செய்யப்போகிறேன்.

பெயரோ பதிவு எண்ணோ எழுத வேண்டாம். இதற்கு மதிப்பெண் கிடையாது. கையெழுத்தை வைத்து உங்களை அடையாளம் கண்டுகொள்வேனோ என்ற தயக்கம் இருந்தால் தட்டச்சு செய்து தாருங்கள். ‘நன்றாக இருந்தது’, ‘புரியவில்லை’ என்ற அளவில் நிறுத்திவிடாமல், எந்த வாக்கியத்தில், எந்த எண்ணில், யார் எழுப்பிய எந்தக் கேள்வியில் உங்கள் புரிதல் திறந்துகொண்டது அல்லது அறுந்துபோனது என்று எழுதினால், அது எனக்குப் பலமடங்கு பயன் தரும். எல்லா வினாக்களுக்கும் ஒரே நீளத்தில் விடையளிக்கத் தேவையில்லை. சொல்வதற்கு நிறைய இருக்கும் இடத்தில் விரிவாக எழுதுங்கள். இல்லாத இடத்தைத் தாண்டிச் செல்லுங்கள்.

வினா 1. குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன், இதுவரை நடந்த கலந்துரையாடல்களில் எது முதலில் உங்கள் நினைவுக்கு வருகிறது? அதில் எழுந்த மையக் கேள்வி என்ன, வகுப்பு முடியும்போது நாம் எந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்பதை, வகுப்புக்கு வராத நண்பர் ஒருவருக்குச் சொல்வதுபோல் நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். கேள்வி நினைவிருந்து முடிவு நினைவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். கலகலப்பாக நடந்த ஒரு விவாதம் மனத்தில் எதையும் தங்கவிடாமல் கலைந்து போயிருக்கக்கூடும் என்பதால்தான் இதை முதல் வினாவாக வைக்கிறேன்.

வினா 2. நோய்ப் பரிசோதனை குறித்த கலந்துரையாடலை நினைத்துப் பாருங்கள். 1000 பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைப் பரிசோதனை சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் தவறாக ‘நோய் உண்டு’ என்று காட்டுகிறது. அப்படியானால், ‘நோய் உண்டு’ என்று முடிவு வந்த ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்டபோது, உங்களில் பெரும்பாலோர் 90 விழுக்காட்டுக்கு அருகிலேயே விடை சொன்னீர்கள். பின்னர், நோயுள்ள 10 பேரில் 9 பேருக்கும், நோயில்லாத 990 பேரில் ஏறக்குறைய 89 பேருக்கும் ‘நோய் உண்டு’ என்ற முடிவு வரும் என்று எண்ணிப் பார்த்து, 98 பேரில் 9 பேர், அதாவது ஏறக்குறைய 9 விழுக்காடு என்ற விடைக்கு வந்தோம்.

(அ) உங்கள் மனம் மாறியது எந்தக் கட்டத்தில்? ஆட்களை எண்ணி அட்டவணையில் நிரப்பியபோதா, பக்கத்தில் இருந்தவரோடு பேசியபோதா, பேயஸ் தேற்றத்தின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதியபோதா? அல்லது விடையை ஒப்புக்கொண்டாலும் மனம் இன்னும் 90 விழுக்காட்டிலேயே நிற்கிறதா?

(ஆ) P(A|B), P(B|A) ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, இதே பரிசோதனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள். எழுத முயலும்போது எந்த இடத்தில் பேனா நின்றதோ, அந்த இடத்தில் ஒரு கோடிட்டுக் காட்டுங்கள். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் நான் தேடும் விடை.

வினா 3. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் 1973ஆம் ஆண்டுப் பட்டமேற்படிப்புச் சேர்க்கை விவரங்களை வைத்து இரண்டு வகுப்புகள் பேசினோம். விண்ணப்பித்த ஆண்களில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினரும் பெண்களில் 35 விழுக்காட்டினரும் இடம்பெற்றார்கள் என்ற மொத்தக் கணக்கை முதல் நாள் பார்த்தோம். மறுநாள் மிகப் பெரிய ஆறு துறைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் நான்கில் பெண்களின் சேர்க்கை விழுக்காடே கூடுதலாக இருந்தது. குறிப்பாக ஒரு துறையில் ஆண்களில் 62 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 82 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்திருந்தது. ஆனால் அந்தத் துறைக்கு விண்ணப்பித்த ஆண்கள் 825 பேர், பெண்கள் 108 பேர் மட்டுமே.

இந்தக் கலந்துரையாடலைக் குறித்து நான் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அது ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகளைக் கிளப்பியது. பிரித்துப் பார்க்கும்போது விழுக்காடுகள் ஏன் தலைகீழாகின்றன என்பது கணக்கு சார்ந்த கேள்வி. மொத்தக் கணக்கு, துறைவாரிக் கணக்கு ஆகிய இரண்டில் எதை நம்பி ஒரு முடிவுக்கு வருவது என்பது அதைவிடக் கடினமான வேறொரு கேள்வி. வகுப்பில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்து பேசப்பட்டன.

(அ) இரண்டு கேள்விகளும் வேறு வேறு என்பது அப்போதே உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்ததா, பிறகு தெரிந்ததா, இப்போது இதைப் படிக்கும்போதுதான் தெரிகிறதா?

(ஆ) முதல் கேள்விக்கு விடையாக, பெண்கள் அதிகமாக எந்த வகைத் துறைகளுக்கு விண்ணப்பித்தார்கள், அது மொத்த விழுக்காட்டை எப்படிக் கீழே இழுத்தது என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுத முடிகிறதா?

(இ) இரண்டாவது கேள்வியில் நாம் உறுதியான ஒரு முடிவுக்கு வரவில்லை. முடிவில்லாமல் வகுப்பை விட்டு வெளியேறியது உங்களைத் தொடர்ந்து யோசிக்க வைத்ததா, அல்லது ‘எதையும் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம்’ என்ற சலிப்பைத் தந்ததா? இரண்டாவதுதான் என்றால் தயங்காமல் எழுதுங்கள். புள்ளியியல் வகுப்பிலிருந்து யாரும் அந்த எண்ணத்தோடு போகக்கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

வினா 4. அமெரிக்க அதிபர் தேர்தலையொட்டி 1936இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் நடத்திய கருத்துக்கணிப்பைப் பற்றிப் பேசினோம். 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகள் வந்தும் லாண்டன் வெல்வார் என்று அந்த இதழ் தவறாகக் கணித்தது, வென்றவர் ரூஸ்வெல்ட். மாதிரி எவ்வளவு பெரியது என்பதற்கும் அது எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த எடுத்துக்காட்டு தெளிவாக்கியதா? ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுதினால் போதும்.

வினா 5. மூன்று கதவுகள் புதிரில் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒரு கதவைத் தேர்ந்தெடுத்த பின், பரிசு எங்கே இருக்கிறது என்று அறிந்த நடத்துநர், பரிசில்லாத மற்றொரு கதவைத் திறந்து காட்டுகிறார். தேர்வை மாற்றிக்கொண்டால் வெல்லும் நிகழ்தகவு 2/3 என்று முடித்தோம். நீங்கள் அதை ஏற்றுக்கொண்டது வாதத்தின் வலிமையாலா, சுற்றியிருந்தவர்கள் ஏற்றுக்கொண்டதாலா, நேரம் முடிந்துவிட்டதாலா? நடத்துநர் பரிசின் இடத்தை அறியாமல் தற்செயலாக ஒரு கதவைத் திறந்து, அதில் பரிசு இல்லாமல் போயிருந்தால் விடை மாறுமா என்று ஒரு மாணவர் கேட்டார். அந்தக் கேள்வி உங்களுக்குத் தெளிவு தந்ததா, இருந்த தெளிவையும் கலைத்ததா?

வினா 6. கடந்த இரண்டு வாரங்களில் நம்பிக்கை இடைவெளியையும் பி-மதிப்பையும் பேசினோம். இந்தப் பாடத்திலேயே அதிகக் குழப்பம் விளையும் பகுதி இதுதான்; குழம்பியிருப்பவர்கள் தங்களைக் குறைவாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு தேர்வின் சராசரி மதிப்பெண்ணுக்கு 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 62 முதல் 68 வரை என்று கணக்கிட்டோம். அதற்கு உங்களில் சிலர் எழுதிய விளக்கங்கள் இவை:

‘மாணவர்களில் 95 விழுக்காட்டினர் 62க்கும் 68க்கும் இடையில் மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள்.’

‘உண்மையான சராசரி 62க்கும் 68க்கும் இடையில் இருப்பதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு.’

‘இதே முறையில் மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து இடைவெளிகளைக் கணக்கிட்டால், அவற்றில் ஏறக்குறைய 95 விழுக்காடு உண்மையான சராசரியை உள்ளடக்கியிருக்கும்.’

எது சரி என்று குறிப்பேட்டைப் பார்த்து எழுத வேண்டாம். இன்று உங்களுக்கு இயல்பாகத் தோன்றும் வாக்கியம் எது? இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வேறுபாடு உண்மையானதாகப் படுகிறதா, வெறும் சொல் விளையாட்டாகப் படுகிறதா? வகுப்பில் இவற்றை ஒப்பிட்டபோது நான் சொன்னதில் எந்தச் சொல்லில் தொடர்பு விட்டுப்போனது?

அதேபோல், பி-மதிப்பு 0.03 என்றால், ‘இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 3 விழுக்காடு வாய்ப்பு’ என்று பொருள் கொள்ளக்கூடாது என்றும், இன்மைக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு அல்லது இதைவிட விலகிய முடிவு கிடைப்பதற்கான நிகழ்தகவே 0.03 என்றும் சொன்னேன். இது வினா 2இல் வரும் P(A|B), P(B|A) வேறுபாட்டோடு தொடர்புடையது என்பதை யாராவது தாமாகவே கண்டுகொண்டிருந்தால், எப்போது, எப்படி என்று எழுதுங்கள்.

வினா 7. கலந்துரையாடல் நடக்கும் முறையைப் பற்றி: முதலில் தனியாக விடை எழுதி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசி, மீண்டும் விடை எழுதும் முறையைப் பின்பற்றுகிறோம். தனியாக யோசிக்கக் கொடுக்கும் நேரம் போதுமா? பேசும்போது உங்கள் குழுவில் ஒருவரே பேசி மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை உண்டா? இறுதியில் நான் தொகுத்துச் சொல்வது சீக்கிரம் வந்து உங்கள் யோசனையைத் துண்டிக்கிறதா, தாமதமாக வந்து தவறான விடையை மனத்தில் பதிய விடுகிறதா? வகுப்பில் வாய் திறந்து பேசாதவர்கள் இந்த வினாவுக்கு அவசியம் விடையளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் இருப்பதற்கு உங்களுக்கென்று காரணங்கள் இருக்கும். அவற்றை மாற்றச் சொல்ல மாட்டேன், ஆனால் அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

வினா 8. வகுப்பில் குழப்பமாக இருந்து, வீட்டுப்பயிற்சி செய்யும்போதோ நண்பரோடு பேசும்போதோ தானாகத் தெளிந்த ஒன்றையும், எவ்வளவு முயன்றும் இன்னும் தெளியாத ஒன்றையும் எழுதுங்கள். முன்னதை நான் தொடப்போவதில்லை. பின்னதற்கு வகுப்பு நேரம் ஒதுக்குவேன்.

வினா 9. அடுத்து வருபவை ஒட்டுறவு, தொடர்புப் போக்கு, கை-வர்க்கச் சோதனை ஆகியவை. இவற்றைத் தொடங்கும் முன் பழைய கலந்துரையாடல்களில் ஒன்றை மட்டும் மீண்டும் எடுக்கலாம் என்றால், எதை எடுக்க வேண்டும்? ஒன்றுக்கு மேல் எழுத வேண்டாம்.

விடைகளை வியாழக்கிழமை மாலை 5 மணிக்குள் துறை அலுவலகத்தில் வைத்துள்ள பெட்டியில் போடுங்கள். எல்லாவற்றையும் நானே படிப்பேன். வரும் திங்கட்கிழமை வகுப்பின் முதல் 15 நிமிடங்களில், உங்கள் விடைகளால் எதை மாற்றுகிறேன், எதை மாற்றவில்லை, மாற்றாததற்குக் காரணம் என்ன என்று சொல்கிறேன். வினா 8இல் அதிகம் பேர் குறிப்பிடும் தலைப்புக்கு அன்றைய வகுப்பின் மீதி நேரம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.