ஒரே பாட்டில், நாலு பண்டிகை: ஆயுத பூஜை முதல் பொங்கல் வரைக்குமான பிராம்ப்ட்

தம்பி, நம் நல்லெண்ணெய் பாட்டிலுக்கு இந்த வருஷம் வேண்டிய பண்டிகைப் படங்களுக்காக, படம் வரையும் ஏஐ கருவிக்குக் கொடுக்கும் பிராம்ப்ட் முழுவதையும் இதிலேயே எழுதிவிட்டேன். நீ புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், வெட்டி ஒட்டினால் போதும்.

போன தீபாவளிக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும். பழைய பிராம்ப்டின் நடுவில் ‘தீபாவளி’ என்று ஒரு சொல்லைச் சொருகி ஓட்டினோம். படம் அழகாகத்தான் வந்தது, ஆனால் பாட்டிலின் கழுத்து நீண்டுவிட்டது, கறுப்பு மூடி தங்க மூடி ஆகிவிட்டது, எண்ணெய் தேன் மாதிரி வெளுத்துவிட்டது. வருஷக்கணக்காக நம்மிடம் வாங்குகிற ஒரு அம்மா போன் செய்து, “கருப்பட்டி போடறதை நிறுத்திட்டீங்களா கண்ணு?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தானே. செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் நிறத்தையும் வாசத்தையும் வைத்துத்தான் நம்புகிறார்கள், படத்தில் வாசம் கிடையாது, நிறம் ஒன்றுதான் இருக்கிறது.

அதனால் இந்த முறை பிராம்ப்ட் இரண்டு துண்டு. முதல் துண்டு பாட்டிலைப் பற்றியது, நாலு பண்டிகைக்கும் ஒரு புள்ளிகூட மாறாது. இரண்டாவது துண்டு பண்டிகையைப் பற்றியது, அதில் பாட்டில் என்ற சொல்லே அனேகமாக வராது. ஒவ்வொரு முறையும் `nallennai_500_base.png` படத்தை ஏற்றி, பாட்டிலைச் சுற்றி மாஸ்க் போட்டு, மாஸ்க்குக்கு வெளியே மட்டும் வரையச் சொல்ல வேண்டும். மாஸ்க் போட்டாலும் முதல் துண்டை விட்டுவிடாதே. சில கருவிகள் மாஸ்க்கின் ஓரத்தில் கை வைக்கும், சிலது படம் முழுவதையும் திரும்ப வரைந்து கொடுக்கும். லேபிளில் இருக்கும் தமிழ் எழுத்தைத் திரும்ப வரைந்தால் பெரும்பாலும் உடைந்துவிடும், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

முதல் துண்டு, அப்படியே எடுத்துக்கொள்:

“இணைத்த படத்தில் உள்ள கண்ணாடி பாட்டிலைத் திரும்ப வரைய வேண்டாம், உள்ளபடியே இருக்கட்டும். 500 மி.லி. உருண்டை பாட்டில், அகலமான தோள், குட்டைக் கழுத்து, பளபளப்பு இல்லாத கறுப்புத் தகர மூடி. உள்ளே கருப்பட்டிச் சாயல் கொண்ட அடர் பழுப்பு நல்லெண்ணெய், மூடிக்குக் கீழே ஒரு விரல் அளவு காலி. முன்பக்கம் வெள்ளைக் காகித லேபிள், அதன் மேல் ஓரத்தில் பச்சைப் பட்டை, கீழ் வலது மூலையில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். பாட்டில் படத்தின் நடுவில், படத்தின் உயரத்தில் பாதி அளவு. கேமரா பாட்டிலின் தோள் மட்டத்தில், நேர் முன்னால், 85 மி.மீ. லென்ஸ் பார்வை. முதன்மை வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து 45 டிகிரியில், மென்மையான பகல் வெள்ளை. நிழல் வலப்பக்கம் விழுகிறது. லேபிளின் வெள்ளை மஞ்சள் பூக்கக் கூடாது. பாட்டிலுக்கு நேர் பின்னால், இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு, வெறும் சாம்பல் நிறச் சுவர் மட்டும். பாட்டிலின் மேல் பூ, மாலை, சந்தனம், குங்குமம், ரிப்பன், தண்ணீர்த்துளி, மினுக்கும் பொடி எதுவும் இல்லை. லேபிளைத் தவிர படத்தில் வேறு எழுத்து இல்லை. இரண்டாவது பாட்டில் இல்லை.”

சாம்பல் சுவரை எதற்கு வைத்தேன் என்று கேட்பாய். எண்ணெய் நிறைந்த உருண்டை பாட்டில் லென்ஸ் மாதிரி, பின்னால் இருப்பதை இடவலம் மாற்றித் தன் ஓரத்தில் காட்டும். பின்னால் சிவப்புச் சேலை இருந்தால் நிஜத்தில் எண்ணெயின் ஓரமும் சிவக்கும். நம் மூலப்படம் சாம்பல் சுவருக்கு முன்னால் எடுத்தது, அதனால் நேர் பின்னால் அதே சுவர் இருந்தால்தான் வெட்டி ஒட்டியது போலத் தெரியாது. பண்டிகை எல்லாம் இரு பக்கத்திலும் முன்தரையிலும் இருந்தால் போதும், இடம் தாராளமாக இருக்கிறது.

வெளிச்சம் இடப்பக்கம் என்பதும் அப்படித்தான். நாலு படத்திலும் அந்தப் பக்கம் வெளிச்சம் வர ஒரு வழி வைத்திருக்கிறேன், அதை மாற்றாதே.

இனி ஆயுத பூஜை:

“எண்ணெய்ச் செக்கு இருக்கும் கூடம், காலை நேரம். இடப்பக்கம் திறந்த மரக்கதவு, அது வழியாகப் பகல் வெளிச்சம். வலப்பக்கம் சற்றுப் பின்னால், கவனத்துக்கு வெளியே மங்கலாக, மரச்செக்கு. அதன் உரலில் மூன்று விரல் சந்தனப் பட்டையும் நடுவில் குங்குமமும். கதவோரம் வாழைக்கன்று கட்டியிருக்கிறது. முன்தரையில் வாழையிலை, அதில் பொரி, பொட்டுக்கடலை, அச்சு வெல்லம், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. சிமெண்டுத் தரை, அரிசிமாவில் போட்ட வெள்ளைக் கோலம்.”

நம் செக்கில் பூஜை அன்று அப்பா ஒவ்வொரு டின்னுக்கும் பாட்டிலுக்கும் பொட்டு வைப்பார், அதைப் பார்க்கிறபோது எனக்கு மனசு நிறையும். ஆனாலும் படத்தில் பொட்டு செக்குக்கு மட்டும்தான். லேபிளுக்கு மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தால், அந்தப் பச்சை வட்டச் சைவக் குறிக்குப் பக்கத்தில் அது என்னவென்று யாருக்கும் குழப்பமாகிவிடும்.

தீபாவளிக்குத்தான் அதிகம் யோசித்தேன். நல்லெண்ணெய்க்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது, ஆனால் கருவியிடம் தீபாவளி என்றால் மத்தாப்பும் வரிசை விளக்கும் கலர்ப்பொடி ரங்கோலியும்தான் தெரியும். நம் வீட்டுத் தீபாவளி விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் தொடங்குகிறது. அதனால் அந்தப் பண்டிகையின் பெயரையே எழுதவில்லை, பொருள்களை மட்டும் எழுதியிருக்கிறேன்:

“தமிழ்நாட்டு வீட்டின் உள்முற்றம், பொழுது விடிகிற நேரம். இடப்பக்க வாசல் வழியாக வெளிர் வெளிச்சம் வருகிறது. முன்தரையில் வலப்பக்கம் மரத்தால் ஆன மனைப்பலகை, அதன் முன் சின்னக் கோலம். பலகைக்குப் பக்கத்தில் ஆழமான பித்தளைக் கிண்ணம், விளிம்புக்குக் கீழ் வரை அடர் பழுப்பு எண்ணெய். அருகே சிறு தட்டில் சீயக்காய்ப் பொடி, ஒரு மஞ்சள் கிழங்கு. இடப்பக்கம் தாம்பாளத்தில் மடித்து வைத்த புதுத்துணி, அரக்கு நிறப் பருத்திச் சேலையும் வெள்ளை வேட்டியும், இரண்டின் மூலையிலும் மஞ்சள் தடவிய சிறு கறை. துணிக்குப் பக்கத்தில் கிண்ணியில் கரும்பழுப்பு லேகியம். வலப்பக்கம் பின்னால் தூரத்தில் ஒரே ஒரு குத்துவிளக்கு மங்கலாக. பட்டாசு, மத்தாப்பு, கலர்ப்பொடி இல்லை. ஆட்கள் இல்லை.”

கிண்ணம் ஆழமாக இருக்க வேண்டும் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் மெல்லிசாகப் பரவினால் நிஜத்திலேயே வெளுப்பாகத் தெரியும், பக்கத்தில் இருக்கும் பாட்டிலோடு ஒப்பிட்டால் வேறு எண்ணெய் மாதிரி இருக்கும். அப்புறம் ‘பொன்னிறம்’, ‘தங்க ஒளி’, ‘செழிப்பு’ போன்ற சொற்களை எங்கேயும் போட்டுவிடாதே. இந்தக் கருவிகள் சொல்லைப் பொருளோடு பிரித்து வைத்துக்கொள்வதில்லை, விளக்குக்கு எழுதிய பொன்னிறம் மூடிக்கும் எண்ணெய்க்கும் சேர்ந்தே வழிந்துவிடும். போன வருஷம் மூடி தங்கமானது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை தீபம்:

“ஓட்டு வீட்டுத் திண்ணை, அந்தி, வானம் இன்னும் கருநீலமாகவில்லை. இடப்பக்க வாசலில் இருந்து வெள்ளை வெளிச்சம் வந்து முன்தரையை நிரப்புகிறது. வலப்பக்கப் படிகளில் ஒன்பது சிறு அகல் விளக்கு, வெறும் சுட்ட மண், வண்ணமோ வேலைப்பாடோ கிடையாது, பஞ்சுத் திரி, சின்னச் சுடர். முன்தரையில் அகல் ஒன்று ஏற்றாமல், எண்ணெய் நிரம்பி, திரி போட்டபடி. அருகே தட்டில் நெல்பொரி உருண்டை நான்கு, அப்பம் மூன்று. காவிக் கரையோடு வெள்ளைக் கோலம். சுடரின் மஞ்சள் ஒளி படிகளில் மட்டும் படுகிறது, திண்ணையின் நடுவுக்கு வரவில்லை.”

கடைசி வரிதான் இதில் உயிர். விளக்கு வெளிச்சம் லேபிளில் பட்டால் வெள்ளை மஞ்சளாகும், பச்சைப் பட்டை பாசி நிறமாகும், பிறகு நீ எவ்வளவு திருத்தினாலும் பழைய நிறம் வராது. கருவி எரிகிற அகலைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தும் எடுத்துக்கொடுக்கும், அந்தப் படத்தைத் தள்ளிவிடு, எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் தீயை வைக்க மாட்டார்கள்.

பொங்கல் சுலபம், வெயில் நம் பக்கம் இருக்கிறது:

“வாசல், காலை, இடப்பக்கம் மேலிருந்து வெளிச்சம், வானம் தெளிவு. வலப்பக்கம் பின்னால் மூன்று செங்கல் அடுப்பில் மண்பானை, கழுத்தில் இலையோடு மஞ்சள் கொத்து கட்டியது, பால் நுரைத்துப் பொங்குகிறது, மங்கலாக. இடப்பக்க ஓரத்தில் இரண்டு கரும்பு, தோகையோடு. முன்தரையில் வாழையிலையில் புளியோதரை, எள் சாதம், தேங்காய் சாதம், தனித்தனிக் குவியலாக. சாணம் தெளித்த தரை, பெரிய வெள்ளைக் கோலம்.”

கலந்த சாதம் பொங்கலுக்கு மறுநாள் வரும் கனுவுக்கானது என்று அம்மா திருத்துவாள். தெரிந்துதான் போட்டேன், புளியோதரைக்கு நல்லெண்ணெய் இல்லாமல் முடியாது, சர்க்கரைப் பொங்கலுக்கு நெய்தான் வேண்டும். இந்தப் படத்தைக் கனு அன்று காலையில் போட்டுவிடு, அவளுக்கும் திருப்தியாக இருக்கும்.

அளவு 1080 × 1350. ஸ்டேட்டஸுக்கு 1080 × 1920 வேண்டும் என்றால் புதிதாக ஓட்டாதே, வந்த படத்தின் மேலும் கீழும் மட்டும் நீட்டிக்கொள். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஆறு படம் எடு, அதில் சுவரும் நிழலும் சரியாக வந்ததைத் தேர்ந்தெடு. பாட்டிலின் அடியில் நிழல் இல்லாமல் மிதப்பது போல வந்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

தேர்ந்தெடுத்ததும் மூலப்படத்தை அதன் மேல் லேயராக வைத்து, அந்த லேயரின் கலப்பு முறையை `Difference` என்று போடு. பாட்டில் இருக்கும் இடம் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். மூடியின் ஓரத்திலோ லேபிளிலோ ஏதாவது கோடு மின்னினால் அங்கே மாறியிருக்கிறது என்று அர்த்தம், மூலத்திலிருந்து பாட்டிலை வெட்டி மேலே வைத்துவிடு, நிழலை மட்டும் புதிய படத்தில் இருந்து எடுத்துக்கொள். அப்புறம் மூடி, லேபிளின் வெள்ளை, எண்ணெயின் நடு, இந்த மூன்று இடத்திலும் நிறத்தை எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார். பச்சை வட்டத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிடு, அது நாம் வாடிக்கையாளருக்குச் சொல்லும் சைவக் குறி, அதில் விளையாடக் கூடாது.

சரி, முதலில் ஆயுத பூஜைப் படம் ஒன்றை மட்டும் முடி. அதை அப்பாவிடம் போனில் காட்டாதே, கடையில் வைத்துப் பிரிண்ட் எடுத்து, இன்றைக்கு ஆட்டின எண்ணெய் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டு. அவர் நிறம் சரி என்று சொன்ன பிறகு மற்ற மூன்றையும் ஓட்டு.