குடியுரிமை பெறுதலும் இழத்தலும்: சூழல் வினாக்கள்

அடிப்படை: குடியுரிமைச் சட்டம், 1955. எந்த வினாவிலும் முதலில் தேதிகளைப் பாருங்கள். 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது; பிரிவு எண்ணும் காரணமும் வேண்டும்.

1. இலங்கைக் குடிமக்களான ஒரு தம்பதி 1985-ல் படகில் வந்து மண்டபம் முகாமில் தங்கினார்கள். அங்கே ரவி 1986 ஏப்ரலிலும், தங்கை சுமதி 1989-லும் பிறந்தார்கள்.
அ) இருவரில் இந்தியக் குடிமகர் யார்?
ஆ) ரவி மணந்த பெண் 2010-ல் விசாவில் இலங்கையிலிருந்து வந்தவர். விசா 2011-ல் முடிந்தும் இங்கேயே தங்கிவிட்டார். 2012-ல் தஞ்சாவூரில் பிறந்த குழந்தையின் நிலை என்ன? விசா செல்லுபடியாக இருந்திருந்தால்?

2. கோயம்புத்தூர் முருகன் 2021-ல் விண்ணப்பித்துக் கனடாக் குடியுரிமை வாங்கினார். "நான்தான் துறப்புப் பத்திரமே கொடுக்கவில்லையே, பாஸ்போர்ட்டும் கையில் இருக்கிறது" என்று 2024-ல் ஓட்டுப் போட வருகிறார். சரியா? அவர் மகளுக்கு இப்போது 18 வயது நிறைந்துவிட்டது. பிரிவு 8(2)-இன்படி இந்தியக் குடியுரிமையை அவர் மீட்க முடியுமா?

3. பிரான்சில் பிறந்து 2015-ல் இயல்புரிமை மூலம் இந்தியரான ஒருவர் 2017 முதல் லியோனில் வசிக்கிறார். இந்தியத் தூதரகப் பக்கமே போகவில்லை. காரைக்குடியில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர் துபாயில் 12 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். யாருடைய குடியுரிமைக்கு ஆபத்து?

விடைக்குறிப்பு

1. ரவி குடிமகர். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தாலே போதும். பெற்றோர் யார் என்ற கேள்வி எழாது. அதற்குப் பின் பிறந்த சுமதிக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். ஒரே முகாம், ஒரே பெற்றோர், ஆனாலும் அண்ணன் உள்ளே, தங்கை வெளியே! குழந்தைக்கு 2004 டிசம்பர் 3 முதலான விதி பொருந்தும்: ஒருவர் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. விசா காலம் கடந்து தங்கியவரும் அந்த வரையறைக்குள் வருவார். எனவே குழந்தை பிறப்பால் குடிமகர் அல்ல. விசா இருந்திருந்தால் குடிமகர்.

2. சரியல்ல. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்த நாளே பிரிவு 9 வேலை செய்துவிட்டது, பத்திரம் தேவையில்லை. மாணவர்கள் அதிகம் சறுக்குவது மகள் கேள்வியில்தான். பிரிவு 8(2) பெற்றோர் துறந்த குடியுரிமைக்கு மட்டுமே. பிரிவு 9-இன்படி இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

3. லியோன்காரருக்குத்தான், பிரிவு 10. தொடர்ந்து 7 ஆண்டு வெளிநாட்டில் இருந்து, ஆண்டுதோறும் தூதரகத்தில் பதிவும் செய்யவில்லை. படிப்போ அரசுப் பணியோ காரணம் இல்லை என்றால் மத்திய அரசு குடியுரிமையைப் பறிக்கலாம். ஆனால் அது தானாக நடக்காது: நோட்டீஸ் கொடுத்து, ஆணை பிறப்பிக்க வேண்டும். பிறப்பால் குடிமகரான துபாய்க்காரரை இந்தப் பிரிவு தொடாது.