குளிர்விப்புக் கோபுரச் செயல்திறன் சோதனை: ஆய்வக அறிக்கை

வெப்ப ஆய்வகம், இயந்திரவியல் துறை, கோயம்புத்தூர்
சோதனை நாள்: 14.08.2024, மறுசோதனை: 16.08.2024
குழு: மூன்றாம் ஆண்டு, பி-4

நோக்கம்

ஆய்வகத்தின் சிறிய குளிர்விப்புக் கோபுரத்தில் மூன்று வெப்பச் சுமைகளுக்கு ரேஞ்ச், அப்ரோச், வெப்பச் சமநிலை ஆகியவற்றைக் கண்டறிதல். கணக்கில் வரும் வித்தியாசம் அளவீட்டு நிச்சயமின்மைக்குள் அடங்குகிறதா என்று பார்த்தல்.

கோபுரத்துக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் ரேஞ்ச். வெளியேறும் நீர், உள்ளே வரும் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலையை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பது அப்ரோச். நிலையான சுமையில் நீரோட்டம் மாறாதவரை ரேஞ்சை நிர்ணயிப்பது ஹீட்டர்தான். கோபுரத்தின் திறமையைக் காட்டுவது அப்ரோச்.

சாதனமும் செய்முறையும்

கோபுரம் அக்ரிலிக்கால் ஆனது, உள்ளே பேக்கிங் தட்டுகள் உள்ளன. அடியிலுள்ள பிளோயர் காற்றை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்று உச்சியில் ஆரிபிஸ் வழியாக வெளியேறுகிறது. நீர் மேலிருந்து இறங்கித் தொட்டியில் சேர்ந்து, ஹீட்டரில் சூடாகி, பம்ப் மூலம் மறுபடி மேலே போகிறது. ஆவியாகும் நீரை அளவுக்கோடிட்ட மேக்கப் தொட்டி ஈடுசெய்கிறது.

தொடங்கும் முன் இரண்டு சரிபார்ப்புகள் செய்தோம். ஈரக்குமிழ்த் திரிகளைப் புதிதாக மாற்றி வடிநீரில் நனைத்தோம். ரோட்டாமீட்டர் 40 கி/வி காட்டும்போது 2 நிமிடம் நீரைப் பிடித்து எடை பார்த்தோம். மூன்று முறையும் 4.76 முதல் 4.83 கி.கி. வரை வந்ததால் ரோட்டாமீட்டரை நம்பலாம். ஒவ்வொரு சுமையிலும் வெப்பநிலைகள் 10 நிமிடம் அசையாமல் நின்ற பிறகே அளவு எடுத்தோம்.

அளவீடுகள்

காற்றழுத்தம் 96.4 கிலோபாஸ்கல். உள்ளே வரும் காற்று மூன்று சுமைகளிலும் உலர்குமிழ் 28.4°, ஈரக்குமிழ் 22.6° செ. நீரோட்டம் 40 கி/வி.

| அளவு | 0.5 நிலை | 1.0 நிலை | 1.5 நிலை |
|---|---|---|---|
| ஹீட்டர் + பம்ப் (கிலோவாட்) | 0.58 | 1.06 | 1.55 |
| நீர் உள்ளே (° செ) | 28.4 | 32.3 | 36.2 |
| நீர் வெளியே (° செ) | 25.0 | 26.2 | 27.3 |
| ரேஞ்ச் (K) | 3.4 | 6.1 | 8.9 |
| அப்ரோச் (K) | 2.4 | 3.6 | 4.7 |
| நீர் இழந்தது (கிலோவாட்) | 0.568 | 1.020 | 1.488 |
| காற்று பெற்றது, நிகரம் (கிலோவாட்) | 0.519 | 0.930 | 1.352 |
| வித்தியாசம் | 8.6% | 8.8% | 9.1% |

1.5 நிலையில் வெளியேறும் காற்று உலர்குமிழ் 29.2°, ஈரக்குமிழ் 28.2° செ. ஆரிபிஸ் மானோமீட்டர் 16 மி.மீ. நீர். 20 நிமிடத்தில் மேக்கப் தொட்டியிலிருந்து இறங்கிய நீர் 670 கிராம்.

மாதிரிக் கணக்கு (1.5 நிலை)

```
ரேஞ்ச்   = 36.2 - 27.3 = 8.9 K
அப்ரோச் = 27.3 - 22.6 = 4.7 K
திறன்    = 8.9 / (8.9 + 4.7) = 65%
Qw = 0.040 x 4.18 x 8.9 = 1.488 kW
h1 = 68.6, h2 = 93.9 kJ/kg
ma = 0.0137 x sqrt(16 / 0.960) = 0.0559 kg/s
Qa = 0.0559 x 25.3 - 0.064 = 1.352 kW
```

0.0137 என்பது சாதனக் கையேட்டில் தரப்பட்ட ஆரிபிஸ் மாறிலி. 0.960 வெளியேறும் ஈரக்காற்றுக்குரிய கன அளவு. கழிக்கப்படும் 0.064, ஆவியாகிப்போன நீர் திரவமாக இருந்தபோதே கொண்டிருந்த என்தால்பி. இதை மறந்தால் கணக்கு பொய்யாக நெருங்கி வந்துவிடும்.

முதலில் சுவரில் மாட்டியிருக்கும் சைக்ரோமெட்ரிக் வரைபடத்தில் என்தால்பியை வாசித்தோம். அது கடல்மட்ட அழுத்தத்துக்கு வரையப்பட்டது. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீ. உயரத்தில் இருக்கிறது. அந்த வரைபடத்தின்படி என்தால்பி உயர்வு 24.3 தான் வந்தது, அதாவது 4% குறைவு. அதனால் எல்லா மதிப்புகளையும் 96.4 கிலோபாஸ்கலுக்குச் சூத்திரத்தால் மறுபடி கணக்கிட்டோம். இந்த ஆய்வகத்தில் இனி சோதனை செய்பவர்களும் வரைபடத்தை நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிச்சயமின்மை

நீர்ப்பக்கம்: ஓட்டத்தில் 1.5%. ஒவ்வொரு வெப்பமானிக்கும் 0.1 K என்றால் ரேஞ்சில் 0.14 K, அதாவது 1.6%. இரண்டையும் வர்க்கக் கூட்டில் சேர்த்தால் 2.2%, அது 0.033 கிலோவாட்.

காற்றுப்பக்கம்தான் பலவீனமானது. 28° செ அருகே ஈரக்குமிழ் 1 K மாறினால் என்தால்பி 5 கி.ஜூல்/கி.கி. மாறுகிறது, 22.6° அருகே 3.9. ஈரக்குமிழ் ஒவ்வொன்றுக்கும் 0.2 K என்று எடுத்தால் என்தால்பி உயர்வில் மட்டும் 5% போய்விடுகிறது. காற்றோட்டத்தின் 2.2% சேர்ந்தால் 5.5%, அது 0.078 கிலோவாட்.

இரு பக்க வித்தியாசத்தின் மொத்த நிச்சயமின்மை 0.085, விரிவாக்கிய மதிப்பு (k = 2) 0.17 கிலோவாட். நமக்குக் கிடைத்த வித்தியாசம் 0.136. கணக்குப்படி இது வரம்புக்குள் இருக்கிறது, அறிக்கையை இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆனால் மூன்று சுமையிலும் வித்தியாசம் ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே சதவீதத்தில் வருகிறது. தற்செயலான பிழை இப்படி நடந்துகொள்ளாது. ஈரக்குமிழ்தான் காரணமென்றால் வெளியேறும் காற்றின் அளவு சுமார் 0.5 K தப்பாக இருக்க வேண்டும். அந்தத் தப்பு 0.5 நிலையிலும் 0.1 கிலோவாட்டுக்கு மேல் காட்டியிருக்கும், அங்கே வந்ததோ 0.049 தான். சுவர் வழி இழப்பும் பொருந்தாது, ஏனென்றால் 0.5 நிலையில் நீர் அறையின் வெப்பநிலையிலோ அதற்குக் கீழேயோதான் இருந்தது. சுமைக்கு ஏற்ப விகிதமாக வளரும் பிழை பெருக்கல் காரணியில் இருக்க வேண்டும், அதாவது காற்றோட்டத்தில். ஆவியாதலும் அதையே சொன்னது: மேக்கப் தொட்டிப்படி 0.558 கி/வி, காற்றுப்படி 0.536.

மறுசோதனை

பிளோயரை ஓட்டவிட்டு, எரியும் ஊதுபத்தியைக் கோபுரத்தின் இணைப்புகளை ஒட்டிக் கொண்டுபோனோம். பேக்கிங்குக்கு மேலேயுள்ள பிளாஞ்சின் பின்பக்கத்தில் புகை வெளிப்புறமாகச் சிதறியது. கேஸ்கெட் ஒரு மூலையில் மடிந்து கிடந்தது. ஆரிபிஸுக்கு வருமுன்பே காற்றின் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறியிருக்கிறது. அது எடுத்துப்போன வெப்பமும் ஈரமும் கணக்கில் வரவில்லை.

கேஸ்கெட்டை மாற்றி நட்டுகளை இறுக்கிய பின் 1.5 நிலையை மட்டும் மறுபடி எடுத்தோம். வெப்பநிலைகள் எல்லாம் முந்தையதிலிருந்து 0.1 K-க்குள். ரேஞ்ச் மீண்டும் 8.9 K, என்தால்பி உயர்வு மீண்டும் 25.3. மானோமீட்டர் மட்டும் 18 மி.மீ. ஆனது.

```
ma = 0.0593 kg/s
Qa = 0.0593 x 25.3 - 0.064 = 1.437 kW
வித்தியாசம் = 1.488 - 1.437 = 0.051 kW (3.4%)
ஆவியாதல் (காற்றுப்படி) = 0.568 g/s
```

முடிவுகள்

1.5 நிலையில் ரேஞ்ச் 8.9 ± 0.3 K. அப்ரோச் 4.7 ± 0.4 K, இதில் பெரும்பங்கு ஈரக்குமிழிலிருந்து வருவது. நீர்-காற்று விகிதம் 0.67. ஹீட்டரும் பம்பும் தந்த 1.55 கிலோவாட்டில் சுமார் 0.06 தொட்டியிலும் குழாய்களிலும் போகிறது, இது 4%.

அட்டவணையில் உள்ள காற்றுப்பக்க எண்கள் மூன்றும் கசிவுடன் எடுத்தவை. 0.5, 1.0 நிலைகள் இன்னும் மறுபடி எடுக்கப்படவில்லை. அடுத்த குழு அவற்றிலிருந்து தொடங்க வேண்டும், பிளோயரைப் போட்டதும் முதல் வேலையாக அந்தப் பிளாஞ்சில் ஊதுபத்தியைக் காட்டிப் பார்க்க வேண்டும்.