யாருடைய பட்டி பெரியது?

அப்புத்தளை மலைச்சரிவில், தேயிலை மலைகளுக்கு மேலே உள்ள புல்வெளியில், முத்தையாவும் செல்லமும் ஆடு மேய்த்தனர். இருவருக்கும் எண்ணத் தெரியாது. முத்தையாவின் ஆடுகள் சரிவெங்கும் பரந்து மேய்ந்ததால், தன் பட்டியே பெரியது என்று அவன் நம்பினான். குளிருக்கு ஒடுங்கி நிற்கும் ஆடுகள் எப்போதும் குறைவாகவே தெரியும் என்பது செல்லத்தின் வாதம், அது நியாயமானதுதான்.

“வாங்க அண்ணே, கடவை வழியாகச் சோடி சோடியாக அனுப்புவோம். உங்களுடையது ஒன்று, என்னுடையது ஒன்று,” என்றாள் அவள்.

முத்தையாவின் கிழட்டுக் கிடாயும் செல்லத்தின் கறுப்பு ஆடும் முதலில் கடந்தன. பின்னர் தாயோடு ஒட்டியே வந்த குட்டி ஒன்று சோடியில்லாமல் நுழையப் பார்த்தது. குட்டியும் ஓர் ஆடுதான் என்று முடிவுசெய்து, அதை நிறுத்தி, எதிர்ப்பட்டியிலிருந்து ஒன்றை அழைத்த பிறகே இரண்டையும் விட்டார்கள். கடந்த ஆடுகள் திரும்பி வந்து மீண்டும் சோடி சேர்ந்துவிடாதபடி, மூங்கில் கழியால் வழியை மறித்தும் வைத்தார்கள்.

பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் முத்தையாவின் கடைசி ஆடும் தன் சோடியோடு கடந்தது. செல்லத்தின் பக்கம் ஒரு வெள்ளைக் குட்டி மட்டும் சோடியின்றி நின்றது.

“உன் பட்டிதான் பெரியது, தங்கச்சி. ஆனால் எத்தனை ஆடு என்று யாராவது கேட்டால்?” என்றான் முத்தையா.

“உங்களிடம் இருப்பதைவிட ஒன்று கூட என்பேன், அண்ணே.”